அவர் சிரிக்கவில்லை

அந்த ஸ்கிரீன்ஷாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இரங்கல் செய்திக்குக் கீழே ஒரு பெரியவர் 😂 போட்டிருக்கிறார். சொந்த வீட்டுப் பிள்ளைகளே அதை எடுத்து ஊருக்கு விட்டிருக்கிறார்கள். நேற்றிலிருந்து திறந்த பக்கமெல்லாம் அதுதான். எரிச்சலாக இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. அழுதிருக்கிறார். 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதி ஆண்டின் சொல்லாகவே தேர்ந்தெடுத்த அந்த முகத்தில், இரண்டு கண்ணோரமும் நீலத் துளி இருக்கிறது. கண்ணாடி போடாமல் பார்க்கிறவருக்குத் துளிதான் தெரியும், வாய் தெரியாது. வாட்ஸப்பில் செய்தியை அழுத்திப் பிடித்தால் வரும் வரிசையிலும் அழுகிற முகத்துக்குக் கொஞ்சம் தள்ளித்தான் அது நிற்கிறது. விரல் நகர்ந்தால் போதும். அவரே கூடவே "ஆழ்ந்த இரங்கல் 🙏" என்றும் எழுதியிருந்தாரே, அதற்கு ஏன் யாரும் சிவப்பு வட்டம் போடவில்லை?

போன ஆவணியில் என் அத்தை, மகளின் கல்யாணப் பத்திரிகையைக் குடும்பக் குரூப்பில் போட்டார். கீழே யாரோ அடித்த ஜோக்குக்குச் சித்தப்பா மகன் 💀 போட்டான். அவனுக்கு அது சிரித்துச் சிரித்துச் செத்த கணக்கு. அத்தை பார்த்தது, மங்கலப் பத்திரிகைக்குக் கீழே ஒரு மண்டையோடு. விடிந்ததும் எனக்குப் போன் செய்து, "தம்பி வீட்ல இந்தச் சம்பந்தம் பிடிக்கலையாப்பா?" என்று அழுதார். நான் விளக்கிச் சொன்னேன். ஆனாலும் அவனிடம் பழையபடி பேச அவருக்கு மாதக்கணக்கானது.

"அவர்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும்" என்பீர்கள். எதை? நேற்றுவரை அழுகையாக இருந்த 😭 இன்று உங்களுக்குச் சிரிப்பு. "சரிப்பா, பார்த்துட்டேன்" என்று பெரியப்பா போடும் 👍 உங்களுக்குத் திமிர். இரண்டு அர்த்தமும் தெரிந்தவர்கள் நாம்தான். அப்போது யார் கவனமாக இருக்க வேண்டும்?

ஒவ்வொரு மெசேஜுக்கும் யோசித்துக்கொண்டிருக்க முடியுமா என்றால், முடியும். மேலதிகாரிக்கு அனுப்பும்போது யோசிக்கிறீர்கள்தானே? முதலில் வார்த்தையை எழுதுங்கள். "ரொம்பச் சிரிச்சேன் அத்தை" என்று எழுதிவிட்டு எந்த முகத்தை வேண்டுமானாலும் ஒட்டுங்கள், குழப்பம் வராது. "சாப்பிட்டியா?" என்று கேட்கிறவருக்கு வடிவேலு ஸ்டிக்கர் மட்டும் போனால், தன்னைக் கேலி செய்வதாகத்தான் அவருக்குப் படும். நண்பர்கள் குரூப்பில் அதையே நூறு அனுப்புங்கள், யார் கேட்டார்கள்? மண்டையோட்டை மட்டும் பெரியவர்கள் இருக்கும் இடத்தில் விட்டுவிடுங்கள்.

அவர்கள் தவறிப் போட்டுவிட்டால், போனில் கூப்பிட்டுச் சொல்லுங்கள். ரியாக்‌ஷன் என்றால் அவரே தொட்டு எடுத்துவிடலாம். செய்தி என்றால் குரூப் அட்மினும் நீக்கலாம். ஒரு நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஸ்கிரீன்ஷாட் எடுக்க மனம் வருகிறதே, அதுதான் எனக்கு வலிக்கிறது. துக்க வீட்டுச் செய்தி அது. அவர் இழந்தது யாரை என்றாவது பகிர்ந்தவர்கள் பார்த்தீர்களா?

என் நட்பு வட்டத்திலேயே சிலர் பகிர்ந்திருக்கிறீர்கள். பெயர் சொல்லவில்லை. இன்று இரவுக்குள் நீக்கிவிடுங்கள்.