சாம்பிள் டியூபில் முகம் ஒட்டி வராது

விபத்தில் அடிபட்டவர் யாரென்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று செய்தி வந்தால் உடனே ஒரு பேச்சு கிளம்பும். "போனே முகத்தைப் பார்த்துத் திறக்கிற காலம் இது. இன்னும் கையில் பட்டை கட்டி, நம்பர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களே!" போன வாரம் என் சொந்தக்கார அண்ணன் ஒருவரும் இதையே கேட்டார். நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். அவருக்குச் சொன்ன பதிலைக் கொஞ்சம் விரிவாகவே இங்கே எழுதுகிறேன்.

எங்கள் அறைக்கு நோயாளி யாரும் வருவதில்லை. வருவது ஒரு சின்ன டியூபும், ஒரு ரிக்வெஸ்ட் பாரமும்தான். டியூபில் 5 மில்லி ரத்தம் இருக்கும், அதன் மேல் லேபிளில் பெயர், ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது கொடுக்கிற ஐபி நம்பர், எடுத்த நேரம், எடுத்தவர் கையெழுத்து. அந்த ரத்தத்துக்குப் பொருந்துகிற ரத்தப் பையைத் தேடி எடுத்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் செய்து அனுப்புவது என் வேலை. அவருக்கு மீசை இருக்கிறதா, நெற்றியில் தழும்பு இருக்கிறதா என்று தெரிந்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. என்னைப் போலவேதான் பயோகெமிஸ்ட்ரி ஆளும், எக்ஸ்ரே பார்த்து ரிப்போர்ட் எழுதுகிற டாக்டரும், மருந்து எடுத்துக் கொடுக்கிற பார்மசிஸ்டும். ஒரு நோயாளிக்காக வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் அவர் முகத்தைப் பார்ப்பதே இல்லை.

"இவர் யார்?" என்று உறவினர் கேட்கிறார், போலீஸ் கேட்கிறது. வார்டில் ஒரு நாளைக்கு நூறு தடவை எழுகிற கேள்வி வேறு: "இந்த டியூப் இவருடையதா? இந்தப் பை இவருக்கு வந்ததா? இந்த ஸ்கேன் இவருக்கு எடுத்ததா?" முகம் தெரிந்தால் முதல் கேள்விக்கு வேண்டுமானால் விடை கிடைக்கலாம். இரண்டாவதற்குக் கிடைக்காது. நோயாளியின் கையிலும், டியூபிலும், பையிலும், பாரத்திலும் ஒரே நம்பர் இருந்தால்தான் அதற்கு விடை. அதனால்தான் நோயாளியைக் குறைந்தது இரண்டு அடையாளங்களால் உறுதி செய்யுங்கள், அறை எண்ணை அதில் சேர்க்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. கட்டில் மாறும், ஆள் அறை விட்டு அறை போவார். பட்டையைக் கட்டில் கம்பியில் கட்டிவைக்கிற பழக்கத்தைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருவதும் அதனால்தான்.

நினைவோடு இருக்கிறவர் என்றால் பிழைக்க ஒரு வழி உண்டு. "சிஸ்டர், நான் முருகேசன் இல்லை, அவர் அந்தப் பக்கம்" என்று அவரே சொல்லிவிடுவார். நினைவில்லாதவரால் அது முடியாது. தப்பான ரத்தம் ஏறும்போது இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். ஓ குரூப் ஆளுக்கு ஏ குரூப் ரத்தம் ஏறினால், அவர் உடம்பிலேயே ஏற்கனவே இருக்கிற எதிர்ப்பொருள் உள்ளே வரும் சிவப்பணுக்களை உடைக்கத் தொடங்கும். ஒரு பை முழுக்க ஏற வேண்டியதில்லை, சில நேரம் 50 மில்லிக்குள்ளேயே உயிருக்கு ஆபத்தாகிவிடும். விழித்திருப்பவர் குளிர்கிறது என்பார், இடுப்பு வலிக்கிறது என்பார், காரணம் சொல்லத் தெரியாமல் "என்னமோ பண்ணுது" என்பார். அந்த வார்த்தையைக் கேட்டதும் நர்ஸ் பையை நிறுத்திவிடுவார். மயக்கத்தில் இருப்பவரிடம் தெரிகிற அறிகுறிகள் ரத்த அழுத்தம் இறங்குவது, யூரின் பையில் சிவப்பு, காயத்தில் திடீரென்று கசிவு, இவைதான். விபத்தில் வந்தவருக்கு இந்த மூன்றுக்கும் வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால் சந்தேகம் வருவதற்குள் நேரம் ஓடிவிடும்.

முன்பு நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரே விபத்தில் இரண்டு ஆண்கள். இரண்டு பேருக்கும் நினைவில்லை, கூட வந்தவர் யாருமில்லை, சட்டைப் பையில் ஒரு காகிதம்கூட இல்லை. கேஷுவால்டியில் "அன்நோன் மேல் 1", "அன்நோன் மேல் 2" என்று பதிவு போட்டார்கள். ஐபி நம்பரும் அடுத்தடுத்த எண்கள், கடைசி இலக்கம் மட்டும்தான் வேறு. சாம்பிள் வருவதற்குள் ஓ குரூப் பை கேட்டார்கள், கொடுத்தோம். ஆள் யாரென்றும் தெரியாமல், குரூப் என்னவென்றும் தெரியாமல் இருக்கும்போது அதுதான் முறை. கொஞ்ச நேரத்தில் இரண்டு டியூப் வந்தது. முதலாமவருக்கு ஏ பாசிட்டிவ், இரண்டாமவருக்கு ஓ பாசிட்டிவ்.

வழக்கமான நோயாளி என்றால் பழைய ரெக்கார்டைத் திறந்து, போன தடவையும் இதே குரூப்தானா என்று பார்ப்போம். அது ஒரு பெரிய காவல். பெயர் தெரியாதவருக்கு அந்தக் காவல் கிடையாது. டியூப் மாறியிருந்தாலும் ஆய்வுக்கூடத்தில் எதுவும் காட்டாது, ஏனென்றால் உள்ளே இருக்கும் ரத்தத்தின் மேல் நாம் செய்த பரிசோதனை சரியாகத்தான் இருக்கும். ஆள்தான் தப்பு. அதனால் இரண்டாவது சாம்பிள் கேட்டோம், வேறு நேரத்தில், வேறு ஒருவர் எடுத்தது. வார்டிலிருந்து கோபமாக போன் வந்தது. ஆனாலும் அனுப்பினார்கள். இந்தத் தடவை முதலாமவருக்கு ஓ, இரண்டாமவருக்கு ஏ.

விசாரித்ததில் தெரிந்தது இதுதான். முதல் தடவை இரண்டு பேருக்கும் ரத்தத்தை எடுத்து, லேபிள் இல்லாத டியூப்களை நர்ஸ் ஸ்டேஷன் மேசைக்குக் கொண்டுபோய் அங்கே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள். நோயாளியிடமிருந்து மேசைக்கு நடந்த அந்தப் பத்தடியில் இரண்டும் மாறிவிட்டன. எடுத்த இடத்திலேயே, கையிலிருக்கிற பட்டையைப் பார்த்து எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. எடுத்தவர் திறமையானவர்தான், இரண்டு பேரையும் பக்கத்தில் நின்று பார்த்தவர்தான், முகமும் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆனால் டியூபில் முகம் ஒட்டிக்கொண்டு வரவில்லையே.

சரி, முகத்தை நம்புவோம் என்றே வைத்துக்கொள்வோம். ஐசியூவில் எந்த முகம் கிடைக்கும்? வாயில் குழாய், அதை இழுத்துக் கட்டிய பிளாஸ்டர், காயாமலிருக்க மூடி ஒட்டிய இமைகள், மழித்த தலை, கழற்றிவைத்த பல்செட். தலையில் அடி என்றால் கண்ணைச் சுற்றி ரத்தம் கட்டிக் கறுத்திருக்கும். இரண்டு நாள் டிரிப்ஸ் ஏறியதும் நீர் கோத்து முகமே வேறாகிவிடும். பெற்ற தாயே தயங்குகிற முகம் அது. இவரை நேற்று வரை பார்த்தே இராத நர்ஸ், ஷிப்ட் மாறி வந்து எப்படி அடையாளம் காண்பார்? பழகாத முகங்களை ஒப்பிடுவதில் மனிதர்கள் நாம் நினைக்கிற அளவுக்குத் தேர்ந்தவர்கள் இல்லை. ஆஸ்திரேலியாவில் பாஸ்போர்ட் அதிகாரிகளை வைத்து ஓர் ஆய்வு செய்து 2014இல் வெளியிட்டார்கள். நேரில் நிற்கிறவரோடு வேறொருவரின் போட்டோவைக் காட்டியபோது, 14 சதவீதம் தடவை "அதே ஆள்தான்" என்று ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இதையே தொழிலாகச் செய்கிறவர்களின் கதை இது. நல்ல வெளிச்சம், எதிரில் நல்ல முகம்.

"ஆதாரில் எல்லாருடைய முகமும் ரேகையும் இருக்கிறதே, அதில் தேடக் கூடாதா?" என்று அடுத்து கேட்பார்கள். அது அப்படி வேலை செய்வதில்லை. ஆதார் எண்ணையும் கூடவே ரேகையையோ முகத்தையோ கொடுத்தால், இது அந்த எண்ணுக்கு உரியவர்தானா என்று அது சொல்லும். எண்ணே தெரியாமல் முகத்தை மட்டும் கொடுத்து "இவர் யார்?" என்று ஆஸ்பத்திரி கேட்க வழியில்லை. போலீஸின் ரேகைத் தொகுப்பில் இருப்பதும் பெரும்பாலும் வழக்குகளில் சிக்கியவர்களுடையதுதான்.

முகத்தை வைத்துப் பெயர் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு சிகாகோவில் 2019இல் ஒரு கொடுமை நடந்தது. முகத்தில் பலத்த அடியோடு, உடம்பில் துணிகூட இல்லாமல், நினைவற்றுக் கிடந்த ஒருவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். போலீஸ் தங்களிடமிருந்த பழைய போட்டோவோடு ஒப்பிட்டு ஒரு பெயரைச் சொன்னது. அந்தப் பெயருக்கு உரியவரின் சகோதரிகள் வந்து பார்த்தார்கள். முகம் இருந்த நிலையில் அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை, சந்தேகத்தைச் சொல்லியும் இருக்கிறார்கள். போலீஸே உறுதி செய்தது என்ற பதில்தான் கிடைத்தது. கடைசியில் உயிர்காக்கும் கருவிகளை எடுக்க அவர்களே சம்மதித்தார்கள், அவர் இறந்தும் போனார். இறுதிச் சடங்குக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தபோது அவர்களுடைய சொந்தச் சகோதரர் வீட்டு வாசலில் வந்து நின்றார். இறந்தவர் யாரென்பது பிணவறையில் ரேகை எடுத்த பிறகுதான் தெரிந்தது. அவருடைய குடும்பம் ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் இருக்கவே இல்லை.

இதில் எனக்கு உறைப்பது ஒன்றுதான். பெயர் ஒன்று உள்ளே நுழைந்துவிட்டால் அப்புறம் எல்லாரும் அதையே படிக்கிறார்கள். பட்டை உண்மையைச் சொல்லாது, கட்டியவர் எழுதியதைத்தான் சொல்லும். பட்டையின் பலவீனம் அது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. அதனால்தான் தெரியாத ஆளுக்குத் தெரியாத ஆள் என்றே பட்டை கட்டுவது நல்லது. "பெயர் தெரியாதவர், ஆண், சுமார் 45" என்று ஒரு நம்பரோடு இருக்கிறவருக்கு ரத்தம், மருந்து, ஆபரேஷன் எல்லாமே பத்திரமாக நடக்கும். பழைய ரெக்கார்டு கிடைக்காது என்பது உண்மைதான், ஆனால் பெயர் இல்லை என்பதற்காகச் சிகிச்சை நிற்காது. அவசரப்பட்டு ஒரு பெயரை ஒட்டினால்தான் வேறொருவரின் அலர்ஜி, வேறொருவரின் குரூப், வேறொருவரின் குடும்பம் எல்லாம் அவர் மேல் வந்து ஏறும்.

யாரென்று தேடுவது தனி வேலை, அதை அதற்குரிய வழியில் செய்யட்டும். நம்ம ஊரில் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டரில் இரண்டு அங்க அடையாளங்கள் எழுதுவார்கள், மச்சம், தழும்பு, பச்சை குத்தியது. வீங்கினாலும் மறையாதவை அவை. உடுத்தியிருந்த சட்டை, தாயத்து, அரைஞாண் கயிறு இதையெல்லாம் பட்டியல் போட்டு வைப்பார்கள். குடும்பம் வந்ததும் அவர்களிடம் முகத்தைக் காட்டி "இவரா?" என்று கேட்பதற்கு முன்னால், "உடம்பில் என்ன அடையாளம்?" என்று அவர்களையே சொல்லச் சொல்ல வேண்டும்.

பெயர் உறுதியான பிறகும் பழைய நம்பரை உடனே அழித்துவிடக் கூடாது. அந்த நம்பருக்குத்தான் நான் பை ஒதுக்கி வைத்திருப்பேன். பாதி ரத்தம் ஏறிக்கொண்டிருக்கும்போது பட்டையை மாற்றினால், பையில் ஒரு நம்பர், கையில் ஒரு நம்பர் என்று ஆகிவிடும். ரத்தம் ஏறி முடியட்டும், பிறகு புதுப் பட்டை, புது சாம்பிள், இரண்டு ரெக்கார்டையும் இணைக்கிற பதிவு என்று வரிசையாக வரட்டும். முகம் பார்க்கும் கேமரா வாங்கக் காசு இருக்கிற நிர்வாகங்கள் முதலில் கேஷுவால்டி வாசலிலேயே பட்டை அச்சடிக்க ஒரு பிரின்டர் வைக்கட்டும். ஒரே விபத்தில் வருகிற இரண்டு பேருக்கு அடுத்தடுத்த எண் கொடுப்பதையும் நிறுத்தட்டும். டிரிப்ஸ் ஏற்ற லைன் போட வேண்டும் என்று கைப்பட்டையை வெட்டினால், அதே நிமிடம் காலில் புதுப் பட்டை கட்டிவிட வேண்டும்.