வி.ஆர்.எஸ்: 35 நாள், 25 நாள் கணக்குக்கு உச்சவரம்பு உண்டு

"முடித்த வருஷத்துக்கு 35 நாள், மீதி வருஷத்துக்கு 25 நாள் சம்பளம். 30 வருஷம் முடித்து 2 வருஷம் மிச்சம் இருப்பவருக்கு 22 லட்சம் உறுதி."

விருப்ப ஓய்வுச் சுற்றறிக்கையைப் போட்டு இப்படி எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை சார். மத்தியப் பொதுத்துறையில் இந்த 35, 25 நாள் கணக்குக்குக் குஜராத் முறை என்று பெயர்; அதன்படி, ஓய்வு வயது வரை வாங்கக்கூடிய சம்பளத்தைத் தொகை தாண்டக்கூடாது. இங்கே சம்பளம் என்பது அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டுமே; வீட்டு வாடகைப்படி சேராது.

உங்கள் உதாரணத்தில் மாதம் 60,000, அதாவது நாளுக்கு 2,000. மொத்தம் 1,100 நாள், 22 லட்சம், சரிதான். ஆனால் மீதி 24 மாதச் சம்பளம் 14.4 லட்சம்தானே? கைக்கு வருவது அதுதான். 22 லட்சத்தை நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள். 22 வருஷம் முடித்து 10 வருஷம் மிச்சம் இருந்தால் 20.4 லட்சம் முழுதாகக் கிடைக்கும்.

மாதத்தை 30 நாளாக வகுத்தால்தான் இதுவும். 26 ஆக வகுத்தால் சுமார் 23.5 லட்சம். எந்த வகுத்தி என்று நீங்கள் போட்ட சுற்றறிக்கையில் இல்லவே இல்லை. கடைசித் தேதிக்குள் எழுத்தில் கேளுங்கள். விருப்பத்தைத் திரும்பப் பெறலாமா, எந்தத் தேதி வரை, பணம் ஒரே தவணையா என்பதையும் அதிலேயே கேளுங்கள்.

வரியே இல்லை என்ற தம்பிக்கு: விலக்கு 5 லட்சம் வரைதான், அதுவும் வாழ்நாளில் ஒருமுறை. பணிக்கொடையைப் பற்றிக் கேட்ட அக்கா, அது தனிக்கணக்கு; இந்த உச்சவரம்பில் சேராது.