டிரிப்ளிங்குக்கு மார்க் போட ஸ்டாப்வாட்ச் மட்டும் போதாது

கூடைப்பந்து டிரிப்ளிங் தேர்வு என்றால் பல பள்ளிகளில் நடப்பது இதுதான். ஆறு கூம்பை வரிசையாக வைப்பார்கள், விசில் அடிப்பார்கள், யார் சீக்கிரம் வளைந்து வந்தாரோ அவருக்கு முழு மார்க். வகுப்பில் அறுபது பேர், பீரியட் நாற்பது நிமிடம், வேறென்ன செய்வது என்று கேட்பார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. இப்படிப் போடுவது பெரும்பாலும் ஓட்டத்துக்கான மார்க்.

ஒரு பையன் பந்தோடு 14 வினாடியில் வருகிறான், ஒரு பெண் 15 வினாடியில் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அதே பாதையில் பந்தில்லாமல் ஓடவிட்டால் அவனுக்கு 9, அவளுக்கு 12. பந்து அவனிடம் 5 வினாடியைப் பிடுங்கியது, அவளிடம் 3-தான். பந்தைக் கையாள்வதில் அவளே மேல். ஸ்டாப்வாட்ச்சை விட மனமில்லாதவர்கள் இந்தக் கழித்தலையாவது செய்யலாம்.

நான் மூன்று விஷயங்களைத்தான் பார்க்கிறேன்: கை, கண், பழக்கமில்லாத கை. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலை. 'கை'யில் நான்காம் நிலை என்றால் விரல்நுனிகளால் தள்ள வேண்டும், பந்து இடுப்புக்கு மேல் எழும்பக் கூடாது, திருப்பத்தில் கையை விட்டுப் போகக் கூடாது. ஒருமுறை நழுவியும் நிற்காமல் பிடித்துக்கொண்டால் மூன்று. உள்ளங்கையால் அறைந்து பந்து நெஞ்சு வரை எழும்பினால் இரண்டு. நின்று, இரு கையாலும் பிடித்து, மறுபடி தொடங்கினால் ஒன்று.

கண்ணுக்கு ஒரு சுலப வழி உண்டு. கடைசிக் கூம்புக்குப் பின்னால் நின்று ஐந்து முறை விரல்களைக் காட்டுவேன், வருகிறவர் எண்ணைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். பந்தையே பார்த்துக்கொண்டு வருபவர் இரண்டாவது எண்ணிலேயே மாட்டிக்கொள்வார். மூன்றாவதற்கு, திரும்பி வரும் பாதை முழுக்கப் பழக்கமில்லாத கை மட்டும்.

மூன்றையும் ஒரே பீரியடில் பார்க்க முயல வேண்டாம், கண் ஏமாற்றும். ஒரு நாளைக்கு ஒன்று போதும். ஆளுக்கு 20 வினாடி என்றால் அறுபது பேருக்கு இருபது நிமிடம். ஆள் மாறும் நேரத்தைச் சேர்த்தாலும் பீரியடுக்குள் முடிந்துவிடும். காத்திருப்பவர்கள் மைதானத்தின் மறுபக்கம் ஜோடியாகப் பயிற்சி செய்யட்டும்.

இந்த நிலைகளை எழுதிவைத்த மார்க் அட்டவணை சரியா என்று தெரிய, இன்னொரு ஆசிரியரோடு பத்துப் பேரைத் தனித்தனியாகப் பார்த்து மார்க் போட்டுப் பாருங்கள். ஒரே பிள்ளைக்கு நீங்கள் நான்கு, அவர் இரண்டு என்றால் கோளாறு பெரும்பாலும் வாக்கியத்தில்தான் இருக்கும். 'நல்ல கட்டுப்பாட்டுடன்' என்று எழுதினால் இது கட்டாயம் நடக்கும். 'பந்து எத்தனை முறை கையை விட்டுப் போனது' என்று எழுதினால் இருவரும் ஒன்றையே எண்ணுவார்கள்.

அப்புறம் பந்து. எல்லாவற்றையும் ஒரே உயரத்திலிருந்து விட்டுப் பார்த்து, ஒரே அளவு எழும்புவதை மட்டும் தேர்வுக்கு எடுங்கள். காற்று குறைந்த பந்தில் யார் கையும் தேறாது. மண் தரையும் அப்படித்தான், சிமெண்ட் தரை கொஞ்சம் இருந்தால் அங்கே வைத்துக்கொள்ளலாம்.

எதிராளி மறிக்கும்போது என்ன செய்வார் என்பது இதில் தெரியாது. அதற்கு மூன்றுக்கு மூன்று ஆட்டம் விட்டுத் தனியாகப் பார்க்க வேண்டும். அந்த மார்க்கை இதோடு சேர்த்துக் குழப்புவதில்லை.