வால்யூம் ஏறினா வாங்குறாங்கன்னு அர்த்தமில்ல

ஒரு ஷேர் ஒரு வருஷத்துல தொட்ட ஆகக் கம்மி விலைகிட்ட வந்தா சிலர் இப்படிச் சொல்றாங்க: "52 வீக் லோ பக்கத்துல இருக்கு, வால்யூமும் செமயா ஏறுது, பெரிய கை வாங்குது, கண்ண மூடிட்டு வாங்குங்க."

இல்லங்க, புதுசா வர்றவங்க இத நம்பிடாதீங்க. ஒருத்தர் 100 ஷேர் விக்க இன்னொருத்தர் வாங்கினா வால்யூம்ல 100தான் ஏறும், அதுல வாங்குறவர் மட்டும் எப்படித் தெரிவாரு? டே ஹை 212, டே லோ 198, 52 வீக் லோ 196, இப்போ விலை 199னு வச்சுக்குங்க, இவ்ளோ வால்யூம் ஓடியும் விலை லோவ ஒட்டியே கெடக்குன்னா இன்னிக்கு விக்கிறவங்க கைதான் ஓங்கியிருக்கு, 196ம் உடைஞ்சா அந்த 52 வீக் லோவே கீழ எறங்கிடும், அது ஒண்ணும் தரை இல்ல. வாங்கினதுல அன்னிக்கே விக்காம வச்சுக்கிட்டது எவ்ளோன்னு காட்டுற டெலிவரி பெர்சென்ட்ட பாருங்கன்னு சிலர் சொல்றது பாதி சரி, அன்னிக்கே வாங்கி வித்தது எவ்ளோன்னு ஓரளவு புரியும், ஆனா வாங்கினது பெரிய கையா சின்ன கையான்னு அதுவும் சொல்லாது.