"போடாதே"வைக் கழட்டிட்டு டப்பா வெச்சோம்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் தளத்துப் பெண்கள் கழிப்பறைக்கு வெளியே ஒரு போர்டு இருந்தது. சிவப்பு எழுத்தில், "நாப்கினை உள்ளே போடாதே! மீறினால் 500 ரூபாய் அபராதம்!"

அந்தப் போர்டு இருந்த காலம் முழுக்க அடைப்பும் இருந்தது. நாப்கினுக்குள் இருக்கும் ஜெல் தண்ணீரை உறிஞ்சிப் பல மடங்கு ஊதிவிடும். பேசினுக்குக் கீழே இருக்கும் குழாய் வளைவில் போய்ச் சிக்கினால் அவ்வளவுதான், தண்ணீர் மேலே ஏறி நிற்கும். பிளம்பர் வந்து கம்பி விட்டு எடுப்பார். அபராதம் ஒருவரிடமும் வாங்க முடியவில்லை, யார் போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குப் பதிலாக வேறொன்று நடந்தது. உள்ளே யார் அதிக நேரம் இருக்கிறார்கள் என்று கவனிக்க ஆரம்பித்தார்கள். அந்த நாட்களில் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். எனக்கு மனசு ஆறாமல் போனது இதற்குத்தான்.

ஒருநாள் கைமடிக்கும் அக்கா ஒருத்தரிடம் கேட்டேன். "போடக் கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க சரி அம்மிணி. அப்பறம் எங்க போடறதுன்னு எழுதியிருக்குதா?" என்றார். இல்லை. குப்பைக்கூடை வெளியே கைகழுவும் இடத்தில், மூடி இல்லாமல் இருந்தது. ஏழெட்டுப் பேர் வரிசையில் நிற்கும்போது கையில் அதைப் பிடித்துக்கொண்டு யார் வெளியே வருவார்கள்? போர்டு தடுத்த வேலைக்கு மாற்றுவழியே அங்கே இல்லை. அதனால் முதலில் எழுத்தை மாற்றவில்லை, இடத்தைத்தான் மாற்றினோம். ஆறு அறையிலும் உட்கார்ந்தபடியே கை எட்டும் தூரத்தில், வலது பக்கம், மூடி போட்ட சிவப்பு டப்பா. பக்கத்தில் கட்டிங் வேஸ்ட் துணியில் தைத்த ஒரு பை, அதற்குள் நான்காகக் கிழித்த பழைய பேப்பர்.

அதன் பிறகுதான் வாசகம். நான் முதலில் எழுதியது: "குப்பையைக் குப்பைத்தொட்டியில் போட்டு ஒத்துழைக்கவும்." மரியாதையாகத்தான் இருந்தது, ஆனால் வேலைக்கு ஆகவில்லை. எந்தக் குப்பை, எந்தத் தொட்டி என்று அதில் இல்லை. கூச்சத்தில் நாப்கின் என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன். இரண்டாவதாக எழுதியது இது: "நாப்கினைப் பேப்பர்ல சுத்தி, வலது பக்கச் சிவப்பு டப்பாவுல போடுங்க." எதை, எப்படி, எங்கே என்ற மூன்றும் வந்துவிட்டது. வெளிச்சுவரில் ஒட்டாமல் கதவின் உட்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக ஒட்டினோம். ஒடிசாவிலிருந்து வந்து வேலை பார்க்கும் பெண் அதையே மூன்று படமாக வரைந்து கொடுத்தாள். தமிழ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு அந்தப் படம்தான் போர்டு.

இரண்டாவது வாரமே மறுபடி அடைப்பு. போய்ப் பார்த்தால் மத்தியானத்துக்குள் டப்பா நிறைந்து மூடி திறந்து கிடக்கிறது. "இதுல போடுங்க" என்று எழுதிவைத்துவிட்டு அதில் இடம் இல்லையென்றால் எழுதியதே பொய்யாகிவிடுகிறது. அன்றிலிருந்து பதினொரு மணிக்கு ஒருதரம், நாலு மணிக்கு ஒருதரம் எடுக்கிறோம். எடுக்கும் அம்மாவுக்குக் கையுறை கொடுத்தோம். பேப்பரில் சுற்றச் சொன்னதே அவர் கையை நினைத்துத்தான். தனிப் பையில் கட்டி, இன்னது என்று குறித்து, மற்ற குப்பையோடு கலக்காமல் கொடுக்கிறோம். அதற்கப்புறம் பிளம்பர் வந்தது ஒரே தடவை. அன்று சிக்கியிருந்தது துண்டுத் துணி.

அதட்டினால்தான் கேட்பார்கள் என்று இன்னமும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1976இல் அமெரிக்காவில் பென்னிபேக்கர், சாண்டர்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரிக் கழிப்பறைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சுவரில் கிறுக்கவே கூடாது என்று அதிகாரமாக எழுதிய அறிவிப்பில்தான், தணிவாகக் கேட்டுக்கொண்ட அறிவிப்பைவிட அதிகமாகக் கிறுக்கியிருந்தார்கள். எங்கள் விஷயத்தில் வீம்பைவிடக் கூச்சம்தான் பெரிய காரணம். ஆனாலும் "போடாதே" என்ற ஒருமை அந்தப் பிள்ளைகளை எவ்வளவு சுருக்கிப்போட்டது என்று கூட இருந்து பார்த்தவள் நான்.

எல்லாப் போர்டையும் இப்படி மாற்றச் சொல்லவில்லை. கரண்ட் பேனலில் "தொடாதே" அப்படியே இருக்கட்டும். அங்கே செய்வதற்கு வேறு வேலை ஒன்றும் கிடையாது, படிக்க ஒரு நொடிக்கு மேல் நேரமும் கிடையாது. சிவப்பு வட்டமும் குறுக்குக்கோடும் அதற்குத்தான் இருக்கின்றன. கட்டிங் மெஷினில் மட்டும் இரண்டும் வேண்டும்: "ஓடும்போது கை வைக்காதே" என்ற தடையும், "இரும்புக் கையுறை போட்டுக்கங்க" என்பதும். ஆனால் கையுறை ஆணியில் தொங்க வேண்டும், பீரோவில் பூட்டி வைத்திருந்தால் பிரயோஜனமில்லை.

இப்போது ஆண்கள் பக்கம் மாடிப்படியில் "எச்சில் துப்பாதே" என்று ஒன்று இருக்கிறது. சுவர் முழுக்கச் சிவப்பு. அதை மாற்றித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். எங்கே துப்பறதுங்க என்று கேட்டிருக்கிறேன், மண் போட்ட தொட்டி வைக்க இடம் பார்க்கிறார்கள்.