காரத்த நிறுத்துனா மூலம் சரியாகிடுமா?

வயித்துல எரிச்சல்னாலும் பின்பக்கம் எரிச்சல்னாலும் முதல்ல வர்ற அட்வைஸ் "காரத்த நிறுத்து"ங்கறதுதான். நிறுத்துறது தப்பில்ல, ஆனா அதோட விட்டுட்டு என்ன வியாதின்னே பாக்காம வருஷக்கணக்கா இருக்காங்க பாருங்க, அதுதான் எனக்கு கவலை.

மிளகாயில இருக்குற கேப்சைசின் குடலை சுட்டுப் புண்ணாக்குறது இல்ல. சூட்டை உணர்ற நரம்பு முனைய தூண்டிவிட்டு, அங்க சூடே இல்லாதப்பவும் "சுடுது"ன்னு மூளைக்கு சொல்ல வைக்குது. அந்த மாதிரி நரம்பு வாயிலயும் இருக்கு, இரைப்பையிலயும் இருக்கு, ஆசனவாயிலயும் இருக்கு.

அல்சருக்கு பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரிங்கற கிருமி, இல்லன்னா வலி மாத்திரை. ஏற்கனவே கேஸ்ட்ரைடிஸ், அதாவது இரைப்பை உள்சுவர்ல அழற்சி இருக்குறவங்களுக்கு காரம் எரிச்சல கூட்டலாம், அது உண்மை. ஆனா மிளகாய மட்டும் ஒதுக்கிட்டு முட்டி வலிக்கு தினமும் டைக்ளோபினாக் போட்டுட்டு இருந்தா புண் எப்படி ஆறும்?

மூலத்துல குழப்பம் இன்னும் பெருசு. எங்க சித்தப்பா ரொம்ப நாளா "எனக்கு பைல்ஸ்"னு சொல்லிட்டு காரமே தொடாம இருந்தாரு, ஆனா மலம் கழிக்கிறப்ப கண்ணாடியால கிழிக்கிற மாதிரி வலி, அது முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆனாலும் விடாது, பேப்பர்ல கொஞ்சம் ரத்தம். கடைசியா டாக்டர் பாத்துட்டு சொன்னாரு, இது பைல்ஸே இல்ல, ஃபிஷர், அதாவது ஆசனவாய் ஓரத்துல வெடிப்புன்னு. உள்மூலம் இருக்குற இடத்துல வலி நரம்பு கம்மி, அதனால பொதுவா வலி இல்லாம சிவப்பா ரத்தம் சொட்டும். ஃபிஷர் வர்றது வலி நரம்பு நிறைஞ்ச தோல்ல. 2006-ல இத்தாலில மூல நோயாளிங்களுக்கு மிளகாய்த்தூள் கேப்ஸ்யூல் கொடுத்துப் பாத்தாங்க, வெறும் கேப்ஸ்யூல் சாப்பிட்டப்ப இருந்ததுக்கும் இதுக்கும் தொந்தரவுல வித்தியாசம் தெரியல. ஆனா ஃபிஷர் இருக்குறவங்களுக்கு மிளகாய் வலியையும் எரிச்சலையும் கூட்டும்.

அப்போ சித்தப்பா காரம் தொடாம இருந்தது எரிச்சலுக்கு நல்லதுதான், ஆனா வெடிப்புக்கு காரணமான மலச்சிக்கல் அப்படியே இருந்துச்சே! நார்ச்சத்து, தண்ணி, வெதுவெதுப்பான தண்ணில உக்கார்றது, சுருங்கிப்போன தசைய தளர்த்துற ஆயின்மென்ட், இதெல்லாம் செஞ்ச அப்புறம்தான் ஆறுச்சு.

எவ்ளோ காரம் தாங்கும்னா எல்லாருக்கும் ஒரே அளவு கிடையாது. புண்ணோ வெடிப்போ ஆறுற வரைக்கும் விட்டுடுங்க. ஆறுன பிறகு நாள் முழுக்க சேத்து கால் ஸ்பூன் மிளகாய்த்தூள்ல ஆரம்பிச்சு, வெறும் வயித்துல இல்லாம சாப்பாட்டோட எடுத்து, ரெண்டு மூணு நாள் எரிச்சல் இல்லன்னா மெல்ல கூட்டுங்க, தொடர்ந்து சாப்பிட்டா நரம்பு ஓரளவு பழகிடும். எரிச்சல் வந்தா ஒரு படி கீழ இறங்குங்க.

மலம் தார் மாதிரி கறுப்பா போனாலோ, ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, காரணமில்லாம எடை குறைஞ்சாலோ, காரத்த குறைச்சுப் பாப்போம்னு நாள் கடத்தாம நேரா டாக்டர்கிட்ட போங்க.