பிகாச்சு வாயைப் பிளந்த கதை: ஹூவர் கொடுத்த இலவச விமான டிக்கெட்

மஞ்சள் நிற பிகாச்சு வாயைப் பிளந்துகொண்டு நிற்கும் படத்தைப் பார்க்காதவர்கள் இங்கே யாரும் இருக்க மாட்டீர்கள். போக்கிமான் கார்ட்டூனின் ஆரம்ப காலப் பகுதி ஒன்றிலிருந்து யாரோ வெட்டியெடுத்த காட்சி. 2018 கடைசியில் உலகம் முழுக்கப் பரவியது. "செய்யாதே, இப்படித்தான் ஆகும்" என்பது முதல் வரி. "செய்கிறேன்" என்பது அடுத்த வரி. அப்படியே ஆகிறது. அப்புறம் அந்த மூஞ்சி. வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டவன் கதையை நம் ஊரில் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்கள். படம்தான் புதுசு.

இந்த ஜோக்கில் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. எச்சரிக்கை அந்த ஆளின் காதில் ஏறவே இல்லை, ஆள் மக்கு என்பது போல அது முடிகிறது. பெரிய கம்பெனிகள் வாயைப் பிளந்த கதைகளை எடுத்துப் பார்த்தால் விஷயம் வேறு. எச்சரிக்கை நன்றாகவே காதில் விழுந்திருக்கும். அதைக் கணக்கில் சேர்த்துத்தான் திட்டமே போட்டிருப்பார்கள். கணக்கில்தான் ஓட்டை.

எனக்குப் பிடித்த உதாரணம் 1992இல் பிரிட்டனில் ஹூவர் கம்பெனி செய்தது. வாக்குவம் க்ளீனர், வாஷிங் மெஷின் விற்பவர்கள், அமெரிக்காவின் மேடேக் கம்பெனிக்குச் சொந்தம். அப்போது பிரிட்டனில் பொருளாதார மந்தம், சரக்கு குடோனில் தேங்கிக் கிடக்கிறது. அறிவித்தார்கள்: 100 பவுண்டுக்கு மேல் ஹூவர் பொருள் எதை வாங்கினாலும் ஐரோப்பாவுக்கு இரண்டு பேருக்குப் போக வர விமான டிக்கெட் இலவசம். அது நன்றாக ஓடியது. அதே வருடம் நவம்பர் வாக்கில் ஒரு படி மேலே போனார்கள். இந்த முறை அமெரிக்காவுக்கு. நியூயார்க் அல்லது ஆர்லாண்டோ, இரண்டு பேர், போக வர.

இரண்டு பேருக்கான அந்த டிக்கெட் அன்றைக்குச் சுமார் 600 பவுண்டு பெறும். சலுகைக்குத் தகுதி பெறும் மலிவான க்ளீனர் 120 பவுண்டுக்கே கிடைத்தது. இதில் என்ன நடக்கும் என்று ஐந்தாம் வகுப்புப் பையனும் சொல்வான். சலுகைகளின் இடரைக் கணித்துக் காப்பீடு கொடுக்கிற தொழில் செய்யும் ஒருவரிடம் இந்தத் திட்டம் முன்கூட்டியே போயிருக்கிறது. விவரத்தைப் பார்த்துவிட்டு அவர் எங்களுக்கு வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். இதைவிட நேரான எச்சரிக்கை யாருக்குக் கிடைக்கும்?

சரி, ஹூவர்காரர்கள் கூட்டல் கழித்தல் தெரியாதவர்களா? இல்லை. அவர்கள் நம்பியது படிவங்களை. முதலில் ரசீதோடு விண்ணப்பத்தை 14 நாளுக்குள் அனுப்ப வேண்டும். கம்பெனி ஒரு பதிவுப் படிவம் அனுப்பும், அதையும் 14 நாளுக்குள் நிரப்பித் திருப்ப வேண்டும். அப்புறம் வவுச்சர் வரும். எந்த விமான நிலையம், எந்தத் தேதி என்று மூன்று தெரிவுகளைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும். மூன்றையும் கம்பெனி நிராகரிக்கலாம். நீங்கள் இன்னும் மூன்று கொடுக்கலாம், அதையும் நிராகரித்துவிட்டுத் தனக்கு வசதியான ஒன்றை நீட்டலாம். இவ்வளவு தூரம் யார் விடாமல் வருவார்கள், பாதி வழியில் சலித்துப்போய் விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு. வருகிற கொஞ்சப் பேரிடமும் ஹோட்டல் அறை, காப்பீடு, வாடகைக் கார் என்று விற்றால் கமிஷனில் டிக்கெட் செலவு வந்துவிடும்.

இது ஒன்றும் கிறுக்குத்தனமான யோசனை இல்லை. கூப்பன் கொடுக்கிற தொழிலே இதில்தான் ஓடுகிறது. சோப்பு உறையை வெட்டி அனுப்பினால் பத்து ரூபாய் திரும்ப வரும் என்றால் நானும் அனுப்ப மாட்டேன், நீங்களும் அனுப்ப மாட்டீர்கள். தபால் செலவே கையைக் கடிக்கும்.

ஆனால் 600 பவுண்டு பத்து ரூபாய் இல்லை. அதற்காக ஒருவன் பத்துப் படிவம் நிரப்புவான், ஒப்புகை அட்டையோடு தபால் போடுவான், தினமும் போன் போட்டுக் கத்துவான். இன்னொன்றும் இருக்கிறது, அதுதான் ஓட்டையிலேயே பெரிய ஓட்டை. எப்போதும் க்ளீனர் வாங்குகிற நூறு பேரில் பத்துப் பேர்தான் சலுகை கேட்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்த விகிதத்தை இங்கே கொண்டுவந்து பொருத்த முடியாது. இந்த முறை கடைக்கு வந்தவர்களில் நிறையப் பேருக்கு க்ளீனரே தேவையில்லை, டிக்கெட்டுக்காகத்தான் வாங்கினார்கள். பிரிக்காத பெட்டியோடு செகண்ட் ஹேண்ட் விளம்பரத்தில் க்ளீனர்கள் வரிசைகட்டின. டிக்கெட்டுக்காகவே வந்தவன் டிக்கெட் வாங்காமல் போவானா? சலுகை எவ்வளவு பெரிதோ, விட்டுக்கொடுக்காத ஆட்கள் அவ்வளவு அதிகமாகச் சேர்வார்கள். சோம்பேறிகளை நம்பித் திட்டம் போட்டுவிட்டு, சோம்பேறி அல்லாதவர்களாகப் பார்த்துப் பொறுக்கி எடுக்கிற விளம்பரத்தைக் கொடுத்திருக்கிறார்கள்.

விற்பனை எகிறியபோது கம்பெனிக்குள் சந்தோஷம்தான். தேவையைச் சமாளிக்கத் தொழிற்சாலையில் கூடுதல் வேலை நடந்தது. ஆபத்தின் முதல் அறிகுறி நல்ல செய்தி மாதிரியே வந்து நின்றது. 120 பவுண்டு மாடல் மட்டும் ஏன் இப்படிப் பறக்கிறது என்று அந்த நேரத்தில் ஒருவர் கேட்டிருந்தால் போதும்.

படிவங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. பயண ஏற்பாட்டாளர்களால் சமாளிக்க முடியவில்லை. வடக்கே இருப்பவருக்குத் தெற்குக் கோடி விமான நிலையம், கேட்ட தேதி ஒன்று கொடுத்த தேதி வேறு என்று புகார்கள் கிளம்பின. ஏமாந்தவர்கள் சங்கம் அமைத்தார்கள். பங்கு வாங்கி, அமெரிக்காவில் மேடேக் பங்குதாரர் கூட்டம் வரைக்கும் போய் நின்றார்கள். 1993இல் மேலதிகாரிகள் மூன்று பேருக்கு வேலை போனது. கடைசியில் சுமார் 2,20,000 பேர் பறந்தார்கள். செலவு கிட்டத்தட்ட 50 மில்லியன் பவுண்டு. 1995இல் ஹூவரின் ஐரோப்பியத் தொழிலை மேடேக் நஷ்டத்துக்கு இத்தாலியின் கேண்டி கம்பெனியிடம் தள்ளிவிட்டது. நீதிமன்ற வழக்குகள் 1998 வரை இழுத்தன.

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த ஆள் ஒரு மெக்கானிக். இங்கிலாந்தின் கம்ப்ரியா பக்கம் ஒருவர் டிக்கெட்டுக்காக ஹூவர் வாஷிங் மெஷின் வாங்கியிருக்கிறார். டிக்கெட் வரவில்லை, மெஷினும் பழுது. ரிப்பேருக்கு வந்த கம்பெனி ஆள், ஒரு மெஷின் வாங்கினால் அமெரிக்காவுக்கு டிக்கெட் கொடுப்பார்கள் என்று நம்பினால் நீங்கள் முட்டாள்தான் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொல்லிவிட்டார். வீட்டுக்காரர் பேசவில்லை. தன் லாரியைக் கொண்டுவந்து குறுக்கே நிறுத்தி, கம்பெனி வேனை 13 நாள் வெளியே விடவில்லை. பத்திரிகைகளுக்குக் கொண்டாட்டம்.

யோசித்துப் பாருங்கள், அந்த மெக்கானிக் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இந்த விலைக்கு இந்த டிக்கெட் கட்டுப்படியாகாது. அதை வாசலில் நின்று வாடிக்கையாளரிடம் சொல்வதற்குப் பதில், ஒரு வருடம் முன்னால் தலைமை அலுவலகத்தில் யாராவது சொல்லி, அங்கே எடுபட்டிருக்க வேண்டும். சொன்ன ஆள்தான் காப்பீடு தர மறுத்து முன்னமே எழுந்து போய்விட்டாரே.